விரல் நுனியில் ஒன்றா, இரண்டா?

கை மரத்துப்போவதாகச் சொல்லி வருவோரைக் கண்களை மூடச் சொல்லி, நிமிர்த்தி வளைத்த பேப்பர் கிளிப்பின் முனைகளால் விரல் நுனியைத் தொட்டு, "இப்போது ஒன்றா, இரண்டா?" என்று நாங்கள் கேட்பதுண்டு. உடன் வந்திருக்கும் உறவினர் சிலர் இதைப் பார்த்துப் புன்னகைப்பார்கள். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இருக்கும்போது இது என்ன விளையாட்டு என்று வெளிப்படையாகக் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில் சொல்ல முடியாத விடையை இங்கே எழுதுகிறோம்.

ஆம்பூரில் ஷூ தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும், முப்பதுகளின் இறுதியில் உள்ள பெண்மணி ஒருவர் எங்களிடம் வந்தார். ஷூவின் அப்பரைத் தையல் இயந்திரத்தில் நகர்த்திக் கொடுப்பது அவர் பணி. நான்கு மாதங்களாக நள்ளிரவில் வலக்கை விரல்கள் மரத்து உறக்கம் கலைகிறது. கையை உதறினால் சரியாகிறது. பகலில் தோலை அளவுக்கு மீறி இறுகப் பிடிக்கிறார். அதில் நகத்தடம் பதிந்துவிடுகிறது என்று மேற்பார்வையாளர் கண்டிக்கிறார். முன்பு வேறோரிடத்தில் இரு புள்ளிச் சோதனை மட்டும் செய்து, "எல்லாம் சரியாக இருக்கிறது, மனக்கவலைதான்" என்று அனுப்பிவிட்டார்களாம். சோதனையின் முடிவில் தவறில்லை. அது எந்தக் கேள்விக்கான விடை என்பதில்தான் தவறு நேர்ந்தது.

விரல் நுனித் தோலில் தொடுதலையும் அழுத்தத்தையும் உணரும் ஏற்பிகள் நான்கு வகைப்படும். மெர்க்கல் ஏற்பியும் ரஃபினி ஏற்பியும் அழுத்தம் நீடிக்கும்வரை செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பவை. முன்னது விளிம்பையும் வடிவத்தையும், பின்னது தோல் இழுபடுவதையும் அறிவிக்கும். மைஸ்னர் ஏற்பியும் பசினியன் ஏற்பியும் அவ்வாறல்ல. தொடுதல் தொடங்கும்போதும் முடியும்போதும் குரல் கொடுத்துவிட்டு இடையில் மௌனமாகிவிடும். இதையே தகவமைவு என்கிறோம். பசினியன் ஏற்பி வெங்காயத்தைப் போல அடுக்கடுக்கான உறை கொண்டது. அழுத்தம் நிலைத்தவுடன் அந்த அடுக்குகள் நழுவிச் சமமாகிவிடுவதால் உள்ளிருக்கும் நரம்பு முனைக்கு அது எட்டுவதில்லை. ஆயின் அதிர்வு ஒவ்வொன்றும் புதிய தொடக்கமாதலால் அதை மிக நுட்பமாக உணரும். காலையில் கட்டிய கைக்கடிகாரம் சற்று நேரத்தில் மறந்துபோவதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம்.

மைஸ்னர் ஏற்பியின் பணி இந்தப் பெண்மணியின் கதையில் முக்கியமானது. பிடித்திருக்கும் பொருள் இம்மியளவு வழுக்கத் தொடங்கினாலும் அது மூளைக்கு அறிவிக்கிறது. பிடி தேவையான அளவு மட்டும் இறுகுகிறது. அந்தச் செய்தி மங்கினால் கை தன் பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் மிகையாக இறுக்கும். நகத்தடத்தின் காரணம் கவனக்குறைவன்று.

உணர்வு முற்றிலும் இல்லாதபோது இதே மிகைப்பிடி என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க இயலாமல் நின்றார். தொழுநோயால் உணர்விழந்த சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதில் திருப்பிவிட்டான். தரையில் விழுந்த இரத்தத்துளியைக் கண்டு அவன் கையைப் பார்த்தபோது, சாவி விரலை எலும்புவரை வெட்டியிருந்தது. தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாக உதிர்வதில்லை, உணர்வின்மையால் நேரும் காயங்களால்தான் சிதைகின்றன என்னும் அவருடைய முடிவுக்கு வலுச்சேர்த்த நிகழ்ச்சிகளுள் இது ஒன்று.

இனி, ஒன்றா இரண்டா என்ற கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு நரம்பிழைக்கும் அது காவல் காக்கும் ஒரு தோல் பரப்பு உண்டு. அதை ஏற்புப் புலம் என்பர். விரல் நுனியில் மெர்க்கல், மைஸ்னர் ஆகியவற்றின் புலங்கள் சில மில்லிமீட்டர் அளவே, நெருக்கமாகவும் அமைந்துள்ளன. ஆதலால் 2 அல்லது 3 மி.மீ. இடைவெளியில் உள்ள இரு முனைகளையும் தனித்தனியே அறிகிறோம். முன்கையில் இழைகள் குறைவு, புலங்கள் பெரிது, 2 செ.மீ. இடைவெளியில் தொட்டாலும் பலருக்கு ஒரே புள்ளியாகத்தான் தோன்றும். வீட்டில் ஒருவர் மற்றவருக்குச் செய்து பார்க்கலாம். இரு முனைகளும் ஒரே கணத்தில் படவேண்டும். தோல் வெளுக்கும் அளவுக்கு அழுத்தக்கூடாது. அழுத்தினால் பக்கத்துத் தோலும் இழுபட்டு விடை பொய்த்துவிடும். இடையிடையே ஒரே முனையாலும் தொடவேண்டும், இல்லையேல் எவரும் "இரண்டு" என்றே சொல்லிக்கொண்டிருப்பர். பத்துக்கு ஏழு முறை சரியாகச் சொன்னால் அந்த இடைவெளியை ஏற்கிறோம். விரல் நுனியில் 5 மி.மீ. வரை இயல்பு.

அந்தப் பெண்மணிக்கு ஆள்காட்டி விரலில் 4 மி.மீ. வந்தது. அடுத்து நைலான் இழைகளை எடுத்தோம். ஒவ்வோர் இழையும் குறிப்பிட்ட விசையில் வளையும்படி செய்யப்பட்டது. இயல்பான விரல் 0.07 கிராம் விசையில் வளையும் மெல்லிய இழையை உணரும். அவருடைய சுண்டுவிரல் அதை உணர்ந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உணரவில்லை, அடுத்த தடித்த இழையைத்தான் உணர்ந்தன. மோதிரவிரலில் நடுவிரலை ஒட்டிய பாதி மங்கியும் சுண்டுவிரலை ஒட்டிய பாதி தெளிவாகவும் இருந்தன. விரல் இப்படி நடுவே பிளந்து நிற்பது, மணிக்கட்டின் குறுகிய வழியில் மீடியன் நரம்பு நசுங்குவதற்கு நல்ல அடையாளம். இசைக்கவையின் அதிர்வும் அதே விரல்களில் மங்கியிருந்தது.

இரண்டு சோதனைகளும் ஏன் முரண்பட்டன? தோல் தைப்பவருக்கு அவர் மொழியிலேயே சொன்னோம்: இரு புள்ளிச் சோதனை, ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் இருக்கிறது என்று எண்ணுவது, இழைச் சோதனை, ஒவ்வொரு தையலும் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று பார்ப்பது. நசுங்கும் நரம்பில் தொடக்கத்தில் இழைகள் சாவதில்லை. எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் எழும்ப வழக்கத்தைவிடக் கூடுதல் விசை தேவைப்படுகிறது. பேப்பர் கிளிப்பின் விசை அதற்குப் போதுமானது. எனவே விடை சரியாகவே வரும். இழைகள் மடியத் தொடங்கிய பிறகுதான் இடைவெளி 6, 8, 10 மி.மீ. என விரியும். அந்நிலையில் அறுவை செய்தாலும் முழு உணர்வும் திரும்பும் என்று உறுதி கூற இயலாது.

உணர்விழந்த வெளிர்த்திட்டுகள் உள்ளனவா, முழங்கையிலும் மணிக்கட்டிலும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தொழுநோய்க்காகத் தடவிப் பார்த்தோம், இல்லை. சர்க்கரையும் தைராய்டும் இயல்பு. நரம்பின் மின் கடத்தல் சோதனை எங்கள் ஐயத்தை உறுதிப்படுத்தியது. மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் மட்டும் அணியச் சொன்னோம்; உறங்கும்போது மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதுதான் நசுக்கத்தை மிகுவிக்கிறது. குறையாவிடில் ஸ்டீராய்டு ஊசி, பின்னர் அறுவை என்று முன்கூட்டியே விளக்கினோம்.

ஆறு வாரம் கழித்து வந்தார். இரவில் விழிப்பதில்லை என்றார். ஆள்காட்டி விரல் மெல்லிய இழையை உணர்ந்தது; நடுவிரல் இன்னும் உணரவில்லை, எனவே பட்டையைத் தொடரச் சொன்னோம். இரு புள்ளி அளவு அன்றும் 4 மி.மீ.தான்.