19 புள்ளி, 3 நிமிடம், தலைக்கு மேல் ஒரு கேமரா

மார்கழி பிறந்தால் கோல வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே போட உட்கார்ந்தவர்களில் பலர் முதல் நிமிடத்திலேயே தடுமாறிவிடுவார்கள். "5 புள்ளி, 3 வரை" என்று சொல்லிவிட்டுக் குரல் அடுத்த வேலைக்குப் போய்விடும். நேர்ப்புள்ளியா, இடுக்குப்புள்ளியா? நேர்ப்புள்ளி என்றால் 11 புள்ளியோடு முடிந்துவிடும். இடுக்குப்புள்ளி என்றால் நடுவில் 5, மேலும் கீழும் 4, பிறகு 3. ஆக மொத்தம் 19.

இந்த 19 புள்ளியில் ஒரு நட்சத்திரக் கோலத்தைப் படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். புள்ளிக்குப் புள்ளி 3 அங்குலம் விட்டால் ஓரடி அகலத்துக்குள் அடங்கிவிடும்.

செல்போன் நடுப்புள்ளிக்கு நேர் மேலே, தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில், 2 மடங்கு ஜூமில் இருக்கட்டும். இன்னும் தாழ்த்தினால் குனியும் தலை திரையை மறைக்கும். ஸ்டாண்ட் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். கோலம் போடும் கை திரையின் கீழிருந்து வர வேண்டும். போன் திரும்பியிருந்தால், குரல் "வலது" என்னும்போது கை இடப்பக்கம் போகும்.

போன் லேசாகச் சாய்ந்தாலும் வரிசைகள் ஒரு பக்கம் குறுகித் தெரியும். கண்டுபிடிப்பது சுலபம்: மேலே உள்ள 3 புள்ளி வரிசையும் கீழே உள்ளதும் திரையில் ஒரே நீளமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கை உள்ளே வரும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். தெளித்த தண்ணீர் பளபளத்தாலும் சிக்கல்தான். ஈரம் சற்று இழுத்த பிறகு மாவை எடுக்கலாம்.

இனி குரல். முதல் 10 வினாடி முடிந்த கோலம். அடுத்த 40 வினாடி புள்ளிகள், ஒன்றுக்கு 2 வினாடி வீதம். "இடுக்குப்புள்ளி" என்பதை இருமுறை சொன்னால் தப்பில்லை.

0:50 முதல் 1:50 வரை நட்சத்திரம். மொத்தம் 12 கோடு, ஒன்றுக்கு 5 வினாடி. "மேல் வரிசையின் நடுப்புள்ளியில் தொடங்குங்க. கீழே நாலு புள்ளி வரிசையின் மூணாவது புள்ளிக்கு ஒரு கோடு. அங்கிருந்து அதே வரிசையின் வலது ஓரப் புள்ளிக்கு. அடுத்து, நடு வரிசையின் நாலாவது புள்ளிக்கு." இப்படியே சுற்றி வந்தால் ஆறு முனை. சொல் முன்னே வரட்டும், கை பின்னே வரட்டும். இரண்டும் சேர்ந்து ஓடினால் பார்ப்பவர் எதைக் கவனிப்பார்?

2:20 வரை நடுப்புள்ளியிலிருந்து அதைச் சுற்றியுள்ள ஆறு புள்ளிகளுக்கு இதழ்கள். 2:50 வரை அந்த ஆறிலிருந்து வெளி மூலைப் புள்ளிகளுக்கு இன்னும் ஆறு இதழ்கள். ஒரு புள்ளியும் மிஞ்சாது. மிஞ்சினால் நட்சத்திரம் எங்கோ தடம் மாறியிருக்கிறது.

வீடியோவை வேகமாக ஓட்டியே தீர வேண்டும் என்றால் இதழ்களில் முதல் இரண்டை விட்டு மற்றவற்றை ஓட்டலாம். புள்ளி வைப்பதை மட்டும் ஓட்டாதீர்கள்.