"இது தமிழா, மலையாளமா?" - உங்க பேச்சைக் கிண்டல் பண்ற கமென்ட்டுக்கு கூலா பதில் சொல்வது எப்படி?

நீங்க மார்த்தாண்டம் பக்கம்னு வெச்சுக்குவோம். மீன்குழம்பு வீடியோ ஒண்ணு போடுறீங்க. அதுல, "அம்மா விளிச்சு சொன்ன பக்குவம் இது"ன்னு ஒரு வரி வருது. கொஞ்ச நேரத்துல கீழே ஒரு கமென்ட்: "இது தமிழா, மலையாளமா? சப்டைட்டில் போடுங்க!" கூடவே நாலு சிரிப்பு எமோஜி.

உடனே கை போற இடம் ரெண்டு. ஒண்ணு, "ஸாரி, எங்க ஊர்ல இப்படித்தான் பேசுவோம்." இன்னொண்ணு, "முதல்ல நீ தப்பில்லாம டைப் பண்ணக் கத்துக்கோ." மன்னிப்பு கேட்டா உங்க பேச்சுல ஏதோ குத்தம் இருக்குனு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். எதிர்த்தாக்குதல் பண்ணினா அவர் எதிர்பார்த்த சண்டை கிடைச்சிடும். ரெண்டும் வேண்டாம்.

முதல்ல ரகம் பிரிங்க

கமென்ட்டை எமோஜி இல்லாம ஒருமுறை படிச்சுப் பாருங்க. "விளிச்சுன்னா என்ன?"ங்கிற கேள்வி அதுக்குள்ள இருந்தா, அது நிஜமாவே புரியாதவர். அர்த்தம் சொன்னா போதும். வெறும் சீண்டல்னா, அதுக்குத்தான் கூலான பதில். சாதியையோ உடம்பையோ இழுத்துப் பேசியிருந்தா, ஆம்பளைக் குரல், பொம்பளைக் குரல்னு அசிங்கப்படுத்தியிருந்தா, பதிலே கிடையாது. யூடியூப்ல அந்த கமென்ட் பக்கத்துல இருக்கிற மூணு புள்ளியைத் தொட்டு 'Hide user from channel' கொடுங்க. அதுக்கப்புறம் அவர் போடுற கமென்ட் உங்க சேனல்ல யாருக்கும் தெரியாது.

மூணு வரி போதும்

சீண்டலுக்கான பதில்ல மூணு விஷயம் இருந்தா நல்லது. அவர் சொன்னதுல உண்மையான பங்கை ஒத்துக்கணும், அவருக்குத் தெரியாத ஒரு தகவலைத் தரணும், பேச்சைத் திரும்ப வீடியோவுக்கே கொண்டுவரணும். நம்ம மீன்குழம்புக்கு இப்படி எழுதலாம்:

"ஆமாங்க, எங்க பக்கம் ரெண்டும் பக்கத்து வீடு! ஆனா 'விளி' நம்ம தமிழ்தான், ஸ்கூல்ல எட்டாம் வேற்றுமைன்னு படிச்சோமே, அந்த விளி வேற்றுமை! குழம்பு கொதிக்கிற சத்தத்துக்கு சப்டைட்டில் தேவைப்படாதுன்னு நெனைக்கிறேன், வெச்சுப் பாத்துட்டு சொல்லுங்க."

இது ஏன் வேலை செய்யுது? 'விளி'ன்னா கூப்பிடுறது. இலக்கணப் புத்தகத்துல எல்லாரும் படிச்ச சொல்லை குமரி மாவட்டத்துக்காரங்க இன்னும் வாயில வெச்சிருக்காங்க, அவ்ளோதான். அந்தப் பகுதி 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்தது. அதனால மலையாள வாடை அடிக்கிறதும் உண்மைதான். அதை மறைக்காம முதல் வரியிலேயே சொல்லிடுறதால, அவர் கையில கிண்டலுக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

உங்க ஊர் வேறயா இருந்தா, கிண்டல் பண்ணப்பட்ட சொல்லை மட்டும் எடுத்துக்கங்க. வீட்டுப் பெரியவங்ககிட்ட அர்த்தம் கேளுங்க, அகராதியில பாருங்க. அதுல ஒரு நல்ல விஷயம் கிடைச்சா எழுதுங்க, கிடைக்கலைன்னா ஊர் பேரை மட்டும் சந்தோஷமா சொல்லுங்க. "எங்க சொல்தான் பழைய சொல்"னு உறுதியில்லாம அடிச்சு விட்டா, அடுத்த கமென்ட் உங்களைத் திருத்துறதா இருக்கும்.

குரலைச் சொன்னா ஏன் கூடுதலா வலிக்குது?

பேசும்போது உங்க குரல் காத்து வழியா மட்டும் உங்க காதுக்கு வர்றதில்லை, மண்டை எலும்பு வழியாவும் வருது. எலும்பு வழியா வர்றதுல கீழ் ஸ்தாயி தூக்கலா கேட்கும். ரெக்கார்டிங்ல அது இல்லாததால குரல் மெலிஞ்ச மாதிரி இருக்கும். ஏற்கெனவே உங்களுக்கே பிடிக்காத ஒண்ணை இன்னொருத்தர் சொல்றதால சுருக்குனு குத்துது. அவரோ நீங்க தினமும் பேசுற, உங்க வீட்ல எல்லாரும் கேட்கிற குரலைத்தான் கேட்டிருக்கார். "கார்ட்டூன் வாய்ஸ்"னு போட்டா, "குழம்புக்கு காரம் ஜாஸ்தி, அதான் குரல்ல குறைச்சிக்கிட்டேன்"னு ஒரு வரியில முடிச்சிடலாம்.

ஆனா பல பேர், "சரியா கேட்கலை"ன்னு சொன்னா அது கிண்டல் இல்ல. ஃபேனை ஆஃப் பண்ணிட்டு, மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்துல வெச்சுப் பேசிப் பாருங்க.

எங்க சொதப்பும்?

சுடச்சுட பதில் போட்டா கோபம் எழுத்துல தெரிஞ்சிடும். எழுதி வெச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு வாய்விட்டுப் படிங்க. உங்களுக்கே சிரிப்பு வந்தா போடுங்க. அந்தக் கமென்ட்டை பின் பண்ணாதீங்க. உங்க ஃபாலோயர்ஸ் கூட்டமா போய் அவரைத் திட்டுவாங்க, வீடியோவுக்குக் கீழ குழம்பைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க.

அவர் மறுபடியும் வந்து ஏதாவது சொன்னா? ஒரு கமென்ட்டுக்கு ஒரு பதில்தான். ரெண்டாவது ரவுண்டுக்கு வாயைத் திறக்காம, "குழம்புக்கு எவ்ளோ புளி போடணும்?"னு கேட்டிருக்கிற அடுத்த ஆளுக்கு பதில் சொல்லப் போயிடுங்க.