பூண்டு எண்ணெய்ப் போத்தலை அலமாரியில் வைக்காதீர்கள்

மலாக்கா: ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்ட வீடானாலும் சரி, மலாக்கா நகரத்து அடுக்குமாடி வீடானாலும் சரி, இப்போது பல சமையலறைகளில் ஒரு கண்ணாடிப் போத்தலைப் பார்க்க முடிகிறது. உரித்த பூண்டுப் பற்கள் நல்லெண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். சில வீடுகளில் பூண்டுக்குப் பதில் கறிவேப்பிலை, துளசி, கற்பூரவல்லி அல்லது பச்சை மிளகாய் இருக்கும். தோசைக்கும் ரசத்துக்கும் மேலாக ஊற்றிக்கொள்ளலாம், சளிக்கு ஒரு கரண்டி குடிக்கலாம், எண்ணெயில் இருப்பதால் கெட்டுப்போகாது என்று சொல்லி, போத்தலை அடுப்புக்குப் பக்கத்திலேயே வாரக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

கெட்டுப்போகாது என்ற அந்த நம்பிக்கைதான் இங்கே ஆபத்து. எண்ணெய் பூண்டைக் காப்பாற்றுவதில்லை. காற்றுப் புகாமல் மூடி வைக்கிறது, அவ்வளவுதான். காற்றில்லாத இடத்தில் மட்டுமே வளரும் ஒரு கிருமிக்கு அந்தப் போத்தல் நல்ல இருப்பிடமாகி விடுகிறது. அது உண்டாக்கும் நச்சினால் வரும் நோயின் பெயர் போட்டுலிசம். அரிதான நோய்தான். ஆனால் வந்துவிட்டால் நரம்புகளைச் செயலிழக்கச் செய்து, மூச்சையே நிறுத்திவிடக் கூடியது.

வான்கூவரில் நடந்தது

1985ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த சம்பவம் மருத்துவ உலகம் இன்றும் எடுத்துக்காட்டும் ஒன்று. அங்கே ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்குப் போட்டுலிசம் வந்தது. ஆனால் தொடக்கத்தில் யாருக்கும் அது தெரியவில்லை. சாப்பிட்டவர்கள் வெவ்வேறு ஊர்களுக்குத் திரும்பிப் போயிருந்தார்கள். பார்வை இரட்டையாகத் தெரிகிறது, நாக்கு குழறுகிறது, விழுங்க முடியவில்லை என்று அவரவர் ஊர் மருத்துவர்களிடம் போனார்கள். சிலருக்குப் பக்கவாதம் என்றார்கள், சிலருக்குத் தசை பலவீன நோய் என்றார்கள், இன்னும் சிலருக்கு மனநலக் கோளாறு என்றுகூடச் சொன்னார்கள்.

மொண்ட்ரியல் நகரைச் சேர்ந்த ஒரு தாய்க்கும் அவருடைய இரண்டு மகள்களுக்கும் ஒரே மாதிரி அறிகுறிகள் வந்த பிறகுதான் மருத்துவர்களுக்கு உணவின் மீது சந்தேகம் வந்தது. மூவரும் வான்கூவருக்குப் போய் வந்தவர்கள். விசாரணை அந்த உணவகத்தில் போய் நின்றது. காரணம் இறைச்சியும் அல்ல, மீனும் அல்ல. ரொட்டியில் தடவுவதற்காக வைத்திருந்த, சோயா எண்ணெயில் ஊறிய நறுக்கிய பூண்டு. குளிரில் வைக்க வேண்டிய அந்தப் போத்தலை மாதக்கணக்கில் வெளியே வைத்திருந்தார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1989இல், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மூன்று பேர் இதே போல எண்ணெயில் வைத்த பூண்டால் பாதிக்கப்பட்டார்கள். அதன் பிறகு, இத்தகைய பொருளை விற்கும் நிறுவனங்கள் அதில் அமிலம் சேர்த்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது. கடையில் வாங்கும் பூண்டு எண்ணெய்க்கும் வீட்டில் நாம் ஊறவைக்கும் எண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு இதுதான். தொழிற்சாலைப் பூண்டில் அமிலம் சேர்த்திருக்கும், நம் வீட்டுப் பூண்டில் அது இருக்காது.

போத்தலுக்குள் என்ன நடக்கிறது?

இந்தக் கிருமி மண்ணில் வாழ்வது. பூண்டு மண்ணுக்குள் விளைகிறது. துளசியும் கற்பூரவல்லியும் மண்ணை ஒட்டி வளர்கின்றன. ஆகவே இக்கிருமியின் வித்துகள் அவற்றின் மேல் ஒட்டியிருக்கலாம். எத்தனை முறை கழுவினாலும் முழுவதும் போகாது. வெறும் வித்தாக இருக்கும்வரை பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. நாம் தினமும் சாப்பிடும் காய்கறியோடு அது உள்ளே போய் வெளியேறி விடுகிறது.

வித்து முளைத்து, பெருகி, நச்சைக் கக்க வேண்டுமானால் நான்கு வசதிகள் ஒன்றாகச் சேர வேண்டும்: காற்று இருக்கக் கூடாது, ஈரம் இருக்க வேண்டும், புளிப்பு குறைவாக இருக்க வேண்டும், வெப்பம் வேண்டும். பூண்டு மூழ்கிய போத்தலில் நான்கும் இருக்கின்றன. எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. பூண்டின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். பூண்டிலோ இலையிலோ புளிப்பு அதிகம் இல்லை. மலாக்காவின் 30 பாகை வெப்பம் அந்தக் கிருமிக்கு மிகவும் பிடித்தமானது.

அந்த நச்சு நிறத்தையோ சுவையையோ மாற்ற வேண்டும் என்பதில்லை. பூண்டின் வாசமே தூக்கலாக இருப்பதால் மூக்கை நம்பவும் முடியாது. மூடி உப்பவில்லை, நுரை இல்லை, வாசம் நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் போத்தல் நல்லது என்பதற்குச் சான்று அல்ல.

காய்ச்சினால் போதாதா?

பலர் கேட்கும் கேள்வி இது: 'நாங்கள் பச்சையாக ஊற வைப்பதில்லை, எண்ணெயைக் காய்ச்சித்தானே பூண்டைப் போடுகிறோம்?' இதற்கான விடை பூண்டுக்குள் இருக்கும் தண்ணீரில் இருக்கிறது. எண்ணெய் 150 பாகைக்கு மேல் கொதித்தாலும், பூண்டுக்குள் தண்ணீர் இருக்கும்வரை அதன் உட்புறம் ஏறக்குறைய 100 பாகையைத் தாண்டாது. வித்துகளோ 100 பாகையைத் தாங்கி நிற்பவை. அவற்றை உறுதியாக அழிக்க 121 பாகை வேண்டும். டின் உணவுத் தொழிற்சாலைகள் அழுத்தக் கலன்களில் அந்த வெப்பத்தை உண்டாக்குகின்றன.

நம் பக்கத்து நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2006ஆம் ஆண்டு தாய்லாந்தின் நான் மாநிலத்தில், கிராமத்தார் வீட்டிலேயே வேகவைத்துப் பெரிய டின்களில் அடைத்த மூங்கில் குருத்தை ஒரு விழாவில் பரிமாறினார்கள். 200 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 42 பேருக்கு மூச்சு விட இயந்திரத்தின் உதவி தேவைப்பட்டது. அவர்கள் குருத்தை வேகவைக்காமல் விடவில்லை. வேகவைத்த பிறகுதான் அடைத்தார்கள். வித்து தப்பிவிட்டது, டின்னுக்குள் காற்று இல்லை, மீதி வேலையை நாட்கள் செய்துவிட்டன.

பாட்டி காலத்து எண்ணெய்க்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

இது நியாயமான கேள்வி. நம் முன்னோர் எண்ணெய் காய்ச்சியதும் இன்று நாம் ஊறவைப்பதும் ஒன்றல்ல. சித்த மருத்துவத்தில் தைலம் இறக்குவதற்குப் பதம் பார்ப்பார்கள். எண்ணெயில் சடசடப்பு அடங்க வேண்டும், அடியில் தங்கும் கசடு மெழுகாகவோ மணலாகவோ வர வேண்டும். சடசடப்பு என்பது தண்ணீர் ஆவியாகும் சத்தம். அது அடங்கினால் ஈரம் போய்விட்டது என்று பொருள். அதன் பிறகு கசடை வடித்துவிட்டுத் தெளிந்த எண்ணெயை மட்டும் எடுப்பார்கள். ஈரம் இல்லாத எண்ணெயில் இக்கிருமி வளராது.

பூண்டு ஊறுகாயும் அப்படித்தான். அதில் புளியோ எலுமிச்சையோ இருக்கிறது, உப்பும் தாராளமாக இருக்கிறது. கிருமியைத் தடுப்பது மேலே நிற்கும் எண்ணெய் அல்ல, உள்ளே இருக்கும் புளிப்பும் உப்பும்தான். இரத்த அழுத்தத்துக்காக உப்பையும், வயிற்றுப்புண்ணுக்காகப் புளியையும் குறைத்துப் போட்ட ஊறுகாயைப் பழைய ஊறுகாயைப் போல வெளியே வைக்கக் கூடாது.

ஈரமான பூண்டையோ இலையையோ அரைகுறையாகச் சூடாக்கி, எண்ணெயிலேயே விட்டு, மூடி வைப்பது புதிய பழக்கம். அதில் பழைய முறையின் இரண்டு காவல்களும் இல்லை.

எப்படிச் செய்வது?

எளிய வழி, கொஞ்சமாகச் செய்வது. 100 மில்லிலிட்டர் எண்ணெய்க்கு ஐந்தாறு பல் போதும். செய்து ஆறியதும் ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள். போத்தலில் தேதியை எழுதி ஒட்டுங்கள். நான்கு நாட்களுக்குள் தீராவிட்டால் கொட்டிவிடுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் அளவும் இதுதான். பூண்டை வடித்து எடுத்துவிட்டாலும் இதையே பின்பற்றுங்கள், ஏனென்றால் ஈரத் துளிகளும் சிறு துணுக்குகளும் அடியில் தங்கிவிடும். குளிரில் தேங்காய் எண்ணெய் உறையும், நல்லெண்ணெய் கலங்கலாம். அது கெட்டதன் அறிகுறி அல்ல.

அதிகமாகச் செய்துவிட்டால் ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைக்கலாம். சில மாதங்கள் இருக்கும். ஒரு வேளைக்கு ஒரு கட்டி எடுத்தால் போதும்.

வெளியே வைக்கக் கூடிய எண்ணெய்தான் வேண்டும் என்றால், முற்றிலும் உலர்ந்த பூண்டுத் தூளையோ காய்ந்த இலையையோ காய்ந்த மிளகாயையோ பயன்படுத்துங்கள். அவற்றில் கிருமிக்கு வேண்டிய ஈரம் இல்லை. எண்ணெயில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிவது பயன் தராது. சாறு எண்ணெயோடு கலக்காது, பூண்டுக்குள்ளும் போதிய அளவு இறங்காது.

கோயில் திருவிழாவிலோ பசார் மாலாமிலோ வீட்டுப் பூண்டு எண்ணெய் விற்பவர்களுக்கும் இது பொருந்தும். ஈரமான பூண்டு மிதக்கும் போத்தலை வெயிலில் அடுக்கி வைத்து விற்கக் கூடாது. வாங்குபவர்களும், எப்போது செய்தது, குளிரில் இருந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அறிகுறி தெரிந்தால்

சாப்பிட்ட 12 முதல் 36 மணி நேரத்தில் பெரும்பாலும் அறிகுறி தொடங்கும். சிலருக்குப் பல நாள் கழித்தும் வரலாம். பார்வை மங்கும் அல்லது இரட்டையாகத் தெரியும். இமைகள் தொங்கும். வாய் வறண்டு, பேச்சு குழறி, விழுங்குவது கடினமாகும். பிறகு பலவீனம் கைக்கும் காலுக்கும் இறங்கும். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது, சுயநினைவும் தெளிவாக இருக்கும். அதனால்தான் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுகிறார்கள்.

காத்திருக்காதீர்கள். 999க்கு அழையுங்கள் அல்லது நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் செய்த பூண்டு எண்ணெய் சாப்பிட்டதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வான்கூவரில் மருத்துவர்களுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு தகவல்தான். இதற்கு நச்சுமுறி மருந்து உண்டு. ஆனால் அது மேலும் பரவாமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே செயலிழந்த நரம்பை உடனே மீட்காது. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மீதமிருக்கும் எண்ணெயை மூடிப் பத்திரமாக எடுத்துச் செல்லுங்கள், பரிசோதனைக்கு உதவும்.

இப்போது உங்கள் அலமாரியில் அப்படி ஒரு போத்தல் இருக்கிறதா? நல்லதா என்று பார்க்க ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்காதீர்கள். மூடியைத் திறக்காமல், இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டி, பிள்ளைகளும் பூனை நாய்களும் எடுக்காதபடி குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.