காட்டில் விழாத புள்ளிகள்

2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. நூறு பேருக்கு ஒரு புள்ளி என்று வரைந்தால் 7,300 புள்ளிகளுக்கு மேல் வரும். அவற்றை எங்கே வைப்பது? ஓர் ஊரின் எல்லைக்குள் எத்தனை பேர் என்றுதான் கணக்கெடுப்பு சொல்கிறது, எந்த மூலையில் என்று சொல்வதில்லை. கணினியோ எல்லைக்குள் கண்டபடி தூவிவிடும். மாவட்டத்தில் பாதிக்கு மேல் காடு. பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி என நீர்த்தேக்கங்கள் வேறு. தண்ணீருக்கு நடுவில் முந்நூறு பேர் குடியிருப்பதாகப் படம் காட்டும்.

தவறாக விழுந்தவற்றை அழித்துவிட்டால் போதாதா என்று தோன்றும். கூடாது. 2,400 பேர் வாழும், 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். அதில் 7 காடு, 1 ஏரி, மிச்சம் 2. தூவிய 24 புள்ளிகளில் ஏறத்தாழ 19 காட்டிலும் ஏரியிலும் விழும். அவற்றை அழித்தால் 1,900 பேர் படத்திலிருந்தே காணாமல் போவார்கள்.

ஆகவே முதலில் வெட்ட வேண்டும், பிறகுதான் தூவ வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் QGIS மென்பொருளில் Difference என்ற கருவி ஊர் எல்லையிலிருந்து காட்டையும் ஏரியையும் கழித்துவிடும். மீந்த நிலத்தின் மேல் Random points in polygons கருவியை ஓட்டி, புள்ளிகளின் எண்ணிக்கைக்கு இப்படி எழுதினால் போதும் (`pop` என்பது மக்கள்தொகை உள்ள பத்தி):

```
round("pop" / 100)
```

24 புள்ளிகளும் அந்த 2 சதுர கிலோமீட்டருக்குள் நெருக்கமாக விழும். இங்கே ஒரு பொறி உண்டு. காடு குறுக்கே புகுந்ததால் ஊர் மூன்று துண்டாகியிருக்கலாம். அவற்றைத் தனித்தனி வடிவங்களாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் 2,400 என்ற எண் அப்படியே படியும். புள்ளிகள் 72 ஆகிவிடும். பிரிக்காமல் விடுவதே நல்லது. மொத்தப் புள்ளிகளை எண்ணி நூறால் பெருக்கிப் பாருங்கள்: மாவட்டத் தொகையை ஏறக்குறைய ஒத்து வந்தால் சரி. நூறாக முழுமைப்படுத்துவதால் சிறு வித்தியாசம் இருக்கும்.

தொகை கணிசமாகக் குறைந்தால் வேறொன்றைச் சந்தேகிக்க வேண்டும். முழுக்கக் காட்டுக்குள் இருக்கும் ஊர், கழித்தலில் தடமில்லாமல் போய்விடும். முதுமலைப் பகுதியில் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் குடியிருப்புகள் காட்டை ஒட்டியும் உள்ளேயும் இருக்கின்றன. காடு என்பது எதுவென்பதும் சிக்கல்தான். வனத்துறை எல்லையை எடுத்தால் இந்த மக்கள் அழிவார்கள். செயற்கைக்கோள் காட்டும் மரப்பரப்பை எடுத்தால், சில்வர் ஓக் நிழலில் உள்ள தேயிலைத் தோட்டமும் காட்டோடு கலந்து, அங்கிருக்கும் லயன் வீடுகளும் சேர்ந்து போய்விடலாம். வெட்டும் முன் இக்குடியிருப்புகளைச் செயற்கைக்கோள் படத்தில் தேடி, ஒவ்வொன்றையும் சுற்றி இருநூறு மீட்டர் வட்டம் போட்டு, அந்த வட்டங்களைக் காட்டு வடிவத்திலிருந்து முதலில் நீக்கிவிட வேண்டும். பொறுமை கேட்கும் வேலை. இதைச் செய்துதரும் பொத்தான் எதுவும் இல்லை.