ஒன்றுவிட்டு ஒலிக்கும் இயைபு

நான்கு அடிப் பாடல் ஒன்றின் அடி முடிவுகளை இரண்டு வழிகளில் பொருத்தலாம். முதலடியும் இரண்டாமடியும் ஓர் ஒலியிலும், அடுத்த இரண்டும் வேறோர் ஒலியிலும் முடிவது ஏஏபிபி. முதலடிக்கு மூன்றாமடியும், இரண்டாமடிக்கு நான்காமடியும் துணையாக வருவது ஏபிஏபி. எந்த வழியை எடுத்தாலும் நான்கு அடிதான், இரண்டு ஒலிதான். இதில் ஒன்றைத் தேர்வது வெறும் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், ஒரு பொருள் எந்த அடியில் முடிந்ததாகக் கேட்பவர் உணர வேண்டும் என்பதை இந்தத் தேர்வுதான் தீர்மானிக்கிறது. இதைப் பார்க்க, ஒரு சொல்லையும் மாற்றாமல் அடிகளின் வரிசையை மட்டும் மாற்றினால் போதும். இதற்கென்றே எழுதிய நான்கு அடிகள், முதலில் ஏஏபிபி வரிசையில்:

தூறல் நின்ற பின்னும் மடக்கவில்லை குடை
கேட்டுப் போன உனக்குச் சொல்லவில்லை விடை
கடைசிப் பேருந்தும் கடந்துபோச்சு தூரம்
நின்ற இடத்தில் மட்டும் காயவில்லை ஈரம்

‘குடை’ என்ற ஒலி காதில் இருக்கும்போதே ‘விடை’ வந்துவிடுகிறது. மடக்காத குடையும் சொல்லாத விடையும் ஒன்றே என்று பாட்டு அங்கேயே சொல்லி முடித்துவிடுகிறது. இரண்டாம் அடியோடு நிறுத்தினாலும் கேட்பவருக்கு ஒன்றும் குறையாது. அடுத்த இரண்டடி தனிச் சேதி. இனி நடு அடிகள் இரண்டையும் இடம் மாற்றுவோம்:

தூறல் நின்ற பின்னும் மடக்கவில்லை குடை
கடைசிப் பேருந்தும் கடந்துபோச்சு தூரம்
கேட்டுப் போன உனக்குச் சொல்லவில்லை விடை
நின்ற இடத்தில் மட்டும் காயவில்லை ஈரம்

இப்போது காரணம் தெரியாமலேயே பேருந்து போகிறது. குடை ஏன் விரிந்தே இருக்கிறது என்பதற்கு மூன்றாம் அடி வரை காத்திருக்க வேண்டும். அந்த அடி வரும்போது ‘தூரம்’ இன்னும் துணையில்லாமல் நிற்கிறது. ஆகவே பதில் கிடைத்த இடத்திலும் பாட்டு ஓய முடியாது. நான்காம் அடியில்தான் இரண்டு ஒலியும் அடங்குகின்றன. முன்பு பேருந்தோடு ஒட்டியிருந்த ஈரம், இப்போது சொல்லாத விடையை அடுத்து வருவதால் கண்ணீரோ என்றும் தோன்றுகிறது. என் கணக்கில் இந்த நான்கு அடிக்கு இரண்டாவது வரிசையே பொருத்தம், ஏனென்றால் பாட்டின் பொருளே காத்திருப்பு. இதுவே ஒரு கிண்டல் பாட்டாக இருந்திருந்தால் முதல் வரிசையை எடுத்திருக்கலாம். கிண்டலுக்கு அடி உடனே விழ வேண்டும்.

1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள் இந்த இரண்டு குணங்களையும் ஒரே பாட்டில் பயன்படுத்துகின்றன. பெரும்பாலானவற்றில் முதல் பன்னிரண்டு அடிகள் ஒன்றுவிட்டு ஒன்று இயைந்து வாதத்தை நகர்த்துகின்றன. கடைசி இரண்டடி மட்டும் இணையாகச் சேர்ந்து கதவைச் சாத்துகின்றன. அடுத்தடுத்த இயைபு குழந்தைப் பாட்டுக்கே உரியது என்பவர்களுக்குப் பிளேக்கின் புலிப் பாட்டு மறுப்பு. 1794இல் வந்த அந்தப் பாட்டு முழுக்க இணையடிகள்தான். ஆனால் அதில் கேள்விக்கு மேல் கேள்வியாக வருவதால், அதே இணைப்பு கொல்லன் பட்டறைச் சம்மட்டியாக விழுகிறது. குழந்தைத்தனம் இயைபிலிருந்து வருவதில்லை, சுலபமான பொருளிலிருந்தே வருகிறது.

தமிழ்க் காதுக்கு அடிமுதல் எதுகைதானே முதன்மை, அடியிறுதியைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இருவிகற்ப நேரிசை வெண்பாவில் முதல் இரண்டடிக்கு ஓர் எதுகை, பின்னிரண்டுக்கு வேறோர் எதுகை. அடுத்தடுத்து இணைவது நமக்குப் புதிதல்ல. ஆனால் மெட்டுக்கு எழுதும்போது, இசை பெரும்பாலும் மூச்சு விடுவது அடியின் முடிவில். அந்த இடைவெளியில் கடைசி ஒலிதான் காதில் தங்குகிறது.

ஒன்றுவிட்ட இயைபு கெடுவதும் இங்கேதான். ஓர் அடிக்கு எட்டுத் தட்டு, நிமிடத்துக்கு 80 தட்டு என்று வைத்தால் ஓர் அடி ஆறு விநாடி. அடுத்தடுத்த இயைபில் துணையொலி ஆறு விநாடியில் வந்துவிடும். ஒன்றுவிட்டதில் பன்னிரண்டு விநாடி ஆகும். அவ்வளவு நேரம் நினைவில் நிற்க ஒலிக்குக் கனம் வேண்டும். ‘நடந்தான்’, ‘சிரித்தான்’ போல விகுதி மட்டும் ஒத்தால் போதாது. விகுதி எங்கும் வருவது. காது அதைக் குறித்துக்கொள்வதில்லை. மேலே ‘குடை–விடை’யில் குறிலுக்குப் பின் டை, ‘தூரம்–ஈரம்’ இரண்டிலும் நெடிலுக்குப் பின் ரம். இப்படி இறுதி ஒலிக்கு முன்னுள்ள அளவும் ஒத்தால்தான் தூரத்திலிருந்தும் கேட்கும். இரண்டு ஒலிகளும் தங்களுக்குள் விலகியும் இருக்க வேண்டும். ‘தூரம்–ஈரம்’ இருந்த இடத்தில் ‘சாலை–காலை’ வந்திருந்தால் நான்கும் ‘ஐ’யில் முடிந்து, குறுக்குப் பின்னல் மறைந்து ஒரே இழையாகக் கேட்டிருக்கும். இது நேர்ந்திருக்கிறதா என்று அறிய, அடிகளின் கடைசிச் சொற்களை மட்டும் வரிசையாக உரக்கச் சொல்லிப் பார்க்கலாம். எது எதற்குத் துணை என்று யோசிக்க வேண்டியிருந்தால், இரண்டாம், நான்காம் அடிகளின் சொற்களை மாற்ற வேண்டும்.