குளிர்பதனக் கிடங்கின் சுவரும் வெப்பத்தடையும்

உருளைக்கிழங்கைச் சேமிக்கும் கிடங்கு ஒன்றின் உட்புற வெப்பநிலை 5 °C. வெளிக்காற்றின் வெப்பநிலை 35 °C எனக் கொள்வோம். வெளியிலுள்ள வெப்பம் சுவரை மூன்று வழிகளில் கடந்து உள்ளே வருகிறது. சுவரின் புறப்பரப்பை அது காற்றின் வெப்பச்சலனத்தாலும் சூழலின் வெப்பக்கதிர்வீச்சாலும் அடைகிறது. திண்மப் பொருளினுள் வெப்பக்கடத்தலால் பரவுகிறது. உட்பரப்பிலிருந்து மீண்டும் சலனத்தாலும் கதிர்வீச்சாலும் உட்காற்றைச் சேர்கிறது.

வெப்பநிலைகள் காலத்தைப் பொறுத்து மாறாத நிலையில், ஒவ்வோர் அடுக்கின் வழியேயும் பாயும் வெப்பம் சமமாகும். எனவே, தொடரிணைப்பிலுள்ள மின்தடைகளைப் போலவே இவ்வடுக்குகளின் வெப்பத்தடைகளையும் கூட்டலாம். L தடிமனும் A பரப்பும் k வெப்பக் கடத்துத்திறனும் கொண்ட அடுக்கிற்கு R = L/kA ஆகும். பரப்பை ஒட்டிய காற்றுப் படலத்திற்கு R = 1/hA ஆகும். சலனம், கதிர்வீச்சு ஆகிய இரண்டின் விளைவும் h என்னும் கெழுவிலேயே அடங்கும். கடத்துத்திறன்களை நேரடியாகக் கூட்டுவதும், தடிமனை மீட்டருக்கு மாற்றாமல் மில்லிமீட்டரிலேயே பிரதியிடுவதும் மாணவர் அடிக்கடி செய்யும் பிழைகள்.

1 சதுர மீட்டர் பரப்பைக் கருதுவோம். வெளிக்காற்றுப் படலத்தின் தடை (h = 20) 0.05 ஆகும். 0.24 மீ தடிமனுள்ள செங்கல் சுவரின் தடை (k = 0.8) 0.30 ஆகும். 0.07 மீ தெர்மாகோலின் தடை (k = 0.035) 2.00, 0.014 மீ உட்பூச்சின் தடை (k = 0.7) 0.02; உட்காற்றுப் படலத்தின் தடை (h = 10) 0.10. இவற்றின் கூடுதல் 2.47 கெல்வின்/வாட்.

வெப்பப் பாய்வு = 30/2.47 = 12.1 வாட்

தெர்மாகோல் இல்லையெனில் மொத்தத் தடை 0.47 மட்டுமே, பாய்வு ஏறத்தாழ 64 வாட்டாக உயரும். கைப்பிடி அகலமே உள்ள ஓர் அடுக்கு, அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் தடித்த செங்கல் சுவரைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு தடையைத் தருகிறது.

இனி, இடைமுக வெப்பநிலைகளைக் காண்போம். ஒவ்வோர் அடுக்கிலும் ஏற்படும் வெப்பநிலை வீழ்ச்சி, பாய்வையும் தடையையும் பெருக்கக் கிடைக்கும். காற்றுப் படலத்தில் 0.6 பாகையும் செங்கலில் 3.6 பாகையும் குறைவதால், செங்கலும் தெர்மாகோலும் சந்திக்கும் இடத்தில் 30.8 °C நிலவும். தெர்மாகோலில் மட்டும் 24.3 பாகை குறைந்து, அதன் மறுபுறம் 6.5 °C ஆகிறது.

இந்த எண்கள் ஓர் இடரையும் காட்டுகின்றன. 35 °C-இல் ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காடாக இருக்கும் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 26 °C. சுவரை ஊடுருவி வரும் நீராவி, செங்கல் பக்கத்திலிருந்து சுமார் 14 மில்லிமீட்டர் ஆழத்தில், தெர்மாகோலின் உள்ளேயே இவ்வெப்பநிலையைச் சந்திக்கிறது. அதற்கப்பால் அது நீராகக் குளிரும். நீரின் கடத்துத்திறன் ஏறத்தாழ 0.6, உலர்ந்த தெர்மாகோலினதைப் போல் பதினேழு மடங்கு. ஆகவே ஈரம் ஏற ஏற 2.00 என்ற தடை சரியும். குளிரூட்டும் எந்திரம் முன்னைவிட நெடுநேரம் ஓடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சுவரில் எந்த மாற்றமும் தெரியாது.

இதைத் தவிர்க்க, நீராவியைத் தடுக்கும் தார்ப்பூச்சைச் செங்கலுக்கும் தெர்மாகோலுக்கும் இடையில், அதாவது வெப்பமான பக்கத்தில் இடவேண்டும். அங்கு நிலவும் 30.8 °C பனிநிலையைவிட உயர்ந்தது. எனவே நீராவி அங்கே தடுக்கப்பட்டாலும் நீராக மாறாது. அதே பூச்சைக் குளிர்ந்த பக்கத்தில் இட்டால், உள்ளே நுழைந்த ஈரம் வெளியேற வழியின்றித் தெர்மாகோலிலேயே தேங்கிவிடும்.