ஓனோவா, ஒனோவா? ஜப்பானியத் தொழில் குழுவை வரவேற்கும் முறை

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து ஐந்து பேர் கொண்ட குழு வருவதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து வந்த மின்னஞ்சலில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. முதல் வரியில் ஒனோ கென்ஜி, நிறுவனத் தலைவர். இரண்டாவது வரியில் தக்காஷி கோத்தோ, பொது மேலாளர். மூன்றாவது வரியில் மினாமி மகோத்தோ, பொறியாளர். அடுத்து இளநிலை அலுவலர் ஒருவர், கடைசியில் மொழிபெயர்ப்பாளர். வரவேற்பு வேலை, விருந்தினர் வந்து இறங்கும் நாளில் அல்ல, இந்தப் பட்டியல் வந்த நாளிலேயே தொடங்குகிறது. பட்டியலில் உள்ள சிக்கல்கள் அனைத்தும் பெயர்களுக்குள் ஒளிந்திருக்கின்றன.

ஜப்பானியப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது பலர் மேற்கத்திய வழக்கப்படி அதைத் திருப்பிவிடுவார்கள். 2020 ஜனவரி முதல் ஜப்பானிய அரசு தன் ஆங்கில ஆவணங்களில் குடும்பப் பெயரை முன்னால் எழுதத் தொடங்கியது. தனியார் நிறுவனங்கள் அதே வழியில் போகவேண்டிய கட்டாயமில்லை. அதனால் ஒரே பட்டியலில் இரண்டு வரிசையும் கலந்திருக்கும். மேலே ஒனோ முன்னால் இருக்கிறது, கோத்தோ பின்னால் இருக்கிறது, இரண்டுமே குடும்பப் பெயர்கள்தான். கவனிக்காமல் மேடையில் "தக்காஷி அவர்களே" என்று கூப்பிட்டால், முதல் சந்திப்பிலேயே ஒருவரைச் சொந்தப் பெயரால் அழைத்ததாகிவிடும். வேலையிடத்தில் அவரை அப்படிக் கூப்பிடுபவர்கள் மிகச் சிலரே. குடும்பப் பெயரை மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் அனுப்பச் சொல்லிக் கேட்பது எளிய தீர்வு. அவர்களிடமும் அது பழக்கமான வழக்கமே.

அடுத்தது உச்சரிப்பு. ஓனோ என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு. ஒனோ என்றும் ஒன்று உண்டு. முன்னதற்குப் பெரிய வயல் என்று பொருள், பின்னதற்குச் சிறிய வயல். முதல் எழுத்து நெடிலா குறிலா என்பது மட்டுமே வித்தியாசம். ஆங்கிலத்தில் நெடிலுக்கு மேல் கோடு போடாமல் எழுதினால் இரண்டும் ஓ, என், ஓ என்ற அதே மூன்று எழுத்துகள்தான். ஆங்கிலப் பட்டியலை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுவிட்டால், தமிழில் எழுதி வைப்பதில் சிரமமே இல்லை. ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் நம்மிடம் தனித்தனி எழுத்து இருக்கிறதே. ஜப்பானிய எழுத்தில் பெயரைப் பார்த்தாலும் முழுப் பாதுகாப்பு கிடைக்காது. ஒரே சித்திர எழுத்துகளைக் கொண்ட பெயரை இருவர் இரு விதமாக வாசிக்கலாம் என்பதால், ஜப்பானியர்களே புதியவர் ஒருவரிடம் "இதை எப்படி வாசிக்க வேண்டும்" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு அல்ல.

தமிழ் எழுத்து வேறோர் இடத்தில் காலை வாரிவிடும். கோத்தோ என்பதன் முதல் ஒலி 'கோபால்' என்பதில் வருகிற மெல்லிய ககரம், 'கோவில்' என்பதில் வருவது அல்ல. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். நடுவில் வரும் வல்லெழுத்தும் தொல்லை: தனகா என்று எழுதினால் தமிழ் வாய் 'தனஹா' என்றோ 'தனgகா' என்பதற்கு நெருக்கமாகவோ மென்மையாக்கிவிடும், எனவே தனாக்கா என்று ஒற்றுப் போட்டு எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் ஜப்பானிய மொழியில் ஒற்று இரட்டிப்பதும் பெயரை மாற்றும். ஹதா ஒருவர், ஹத்தா வேறொருவர். ஆகவே அறிவிப்பாளர் கையில் கொடுக்கும் தாளில் எழுத்தை மட்டும் நம்பாமல், மொழிபெயர்ப்பாளரை ஒருமுறை ஒவ்வொரு பெயரையும் சொல்லச் செய்து கைபேசியில் பதிவு செய்து, அதைக் கேட்டுப் பழகுவதுதான் நம்பத்தக்க வழி. ஐந்து பெயருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

மூன்றாவது வரியில் உள்ள மினாமி மகோத்தோ ஆணா பெண்ணா என்பது பெயரைப் பார்த்துத் தெரியாது. மகோத்தோ, காவொரு, ஹிக்காரு போன்ற பெயர்கள் இருபாலருக்கும் உண்டு. தமிழில் திரு, திருமதி, செல்வி என்று எதையாவது போட்டே ஆகவேண்டும் என்ற பழக்கத்தால் தவறு நேர்கிறது. திருமதி, செல்வி என்பவை கேட்கக் கூடாத ஒரு தகவலையும் சேர்த்தே கேட்கின்றன. பெயர்ப் பலகையில் அடைமொழியை விட்டு, குடும்பப் பெயரும் பதவியும் மட்டும் எழுதினால் போதும். பேச்சில் குடும்பப் பெயருடன் 'சான்' என்று சேர்ப்பது ஆண், பெண், மணமானவர், ஆகாதவர் எல்லோருக்கும் பொருந்தும்.

இந்தச் 'சான்' விஷயத்தில் ஒரு விதி உண்டு. அது பிறருக்கு மட்டுமே. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்பவர் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளக் கூடாது. வெளியாரிடம் பேசும்போது சொந்த நிறுவனத்தவருக்கும், அவர் முதலாளியாகவே இருந்தாலும், சேர்க்கக் கூடாது. நம் ஊரில் நிர்வாக இயக்குநரை விருந்தினருக்கு அறிமுகப்படுத்தும்போது நாலு அடைமொழி போடாவிட்டால் மரியாதைக் குறைவு. ஜப்பானிய வழக்கில் அது தலைகீழ்: விருந்தினர் முன்னிலையில் தன் தரப்பைத் தாழ்த்திச் சொல்வதே விருந்தினருக்குச் செய்யும் மரியாதை. முதலாளியின் சாதனைகளை அடுக்காமல், பெயரையும் பொறுப்பையும் சொல்லி நிறுத்துவது இரு வழக்கத்துக்கும் நடுவழி.

பதவிப் பெயர்களை மொழிபெயர்க்கையில் அவற்றின் எடை மாறிவிடுகிறது. ஷச்சோ என்பவர் பெரும்பாலும் நிறுவனத்தை நடத்தும் தலைவர். கைச்சோ அவருக்கு மேலே உள்ள அவைத்தலைவர். புச்சோ ஒரு துறை முழுவதற்கும் பொறுப்பானவர், அவருக்குக் கீழே கச்சோ, ஒரு பிரிவின் தலைவர். ஆங்கில அட்டையில் கச்சோ வெறும் 'மேனேஜர்' என்று சுருங்கிப்போவார். ஆனால் அன்றாட முடிவுகளின் வரைவு அவர் மேசையிலிருந்துதான் மேலே போகிறது. எதிர்ப்பக்கத்திலும் குழப்பம் உண்டு. இந்திய நிறுவனங்களில் 'வைஸ் பிரசிடென்ட்' என்று பத்துப் பேர் இருக்கலாம். ஜப்பானில் அந்தப் பெயருக்கு நேரானவர் தலைவருக்கு அடுத்த இடத்தில் இருப்பவர். அந்த அட்டையைப் பார்த்து ஒனோ, எதிரில் நிற்பவரை நிறுவனத்தின் இரண்டாம் ஆள் என்று நினைத்துவிடக்கூடும். யார் எந்தத் துறைக்குப் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் குழப்பம் தீரும். பதவியோடு பெயரைச் சொல்லும்போது, 'ஒனோ ஷச்சோ' என்றாலே மரியாதை வந்துவிடுகிறது, அதன்மேல் 'சான்' வேண்டாம்.

நம் பெயர்களும் அவர்களுக்குப் புதிர்தான். கடவுச்சீட்டிலும் அட்டையிலும் தந்தை பெயர் குடும்பப் பெயர் இடத்தில் நிற்பதால், செந்தில்குமாரை "ராமசாமி சான்" என்று கூப்பிடுவார்கள். அவர் தன் தந்தையைக் கூப்பிடுவதாக எண்ணித் திரும்பாமலே நிற்பார். தலைப்பெழுத்து அவர்களுக்கு ஒன்றும் உணர்த்தாது. அழைக்க வேண்டிய பெயரை மட்டும் பெரிதாக அச்சிட்டு, அட்டையின் பின்பக்கத்தில் அவர்களுடைய ஒலியெழுத்தான கத்தகானாவில் அதையே எழுதிவைப்பது நல்லது. லகரத்தையும் ரகரத்தையும் அந்த எழுத்து பிரித்துக் காட்டாது. செல்வி என்பது செருவி என்று திரும்பிவந்தால் சிரிக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

வந்த நாளில் அறிமுக வரிசை இப்படிப் போகும். முதலில் வரவேற்கும் தரப்பினரை, மூத்தவரில் தொடங்கி, விருந்தினருக்கு அறிமுகப்படுத்துவர். அதன்பின் விருந்தினர்களை, அவர்களிலும் மூத்தவரில் தொடங்கி, நம்மவருக்கு. யார் யாரென்று தெரிந்துகொள்ளும் உரிமை விருந்தினருக்கு முதலில் என்பது இதன் அடிப்படை. பின்னர் அட்டைப் பரிமாற்றம். தலைவரும் தலைவரும் முதலில், பிறகு அடுத்தடுத்த நிலையினர். எழுந்து நின்று, மேசையைச் சுற்றி அருகில் போய், எழுத்து எதிரில் உள்ளவருக்கு நேராக இருக்கும்படி இரு கையாலும் கொடுக்க வேண்டும். வாங்கிய அட்டையை ஒரு நொடி வாசித்துவிட்டுச் சொல்ல வேண்டும்: "ஒனோ சான், சந்தித்ததில் மகிழ்ச்சி." உச்சரிப்பைச் சரிபார்க்க இதைவிடப் பொருத்தமான தருணம் கிடையாது. அட்டையைப் பைக்குள் செருகாமல், எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் வரிசைப்படி மேசைமேல் பரப்பி வைப்பது வழக்கம். கூட்டம் முடியும்வரை அதுவே பெயர்ப் பட்டியலாக உதவும். அதன்மேல் பேனா வைத்துக் குறிப்பெழுதுவது மட்டும் கூடவே கூடாது.

உட்காரும் இடத்துக்கும் கணக்கு இருக்கிறது. கதவிலிருந்து மிகத் தொலைவில் உள்ள இடம் மேலான இடம். நீள மேசையில் கதவுக்கு எதிர்ப்பக்கம் முழுவதும் விருந்தினருக்கு. அதன் நடுவில் தலைவர், அருகில் மொழிபெயர்ப்பாளர். கதவுப்பக்கம் நம்மவர். மேசையின் குறுகிய முனையில் முதலாளி உட்காரும் நம் பழக்கம் அன்று ஒருநாள் ஓய்வெடுக்கலாம். மேசையில் இரு நாட்டுக் கொடிகளை வைத்தால், இந்தியக் கொடி விதிகளின்படி நம் கொடி தன் வலப்பக்கம், அதாவது எதிரே நின்று பார்ப்பவருக்கு இடப்பக்கம், வரவேண்டும். இரண்டும் ஒரே அளவில். பூங்கொத்திலும் மாலையிலும் வெள்ளை, மஞ்சள் செவ்வந்தியைத் தவிர்ப்பது நல்லது, ஜப்பானில் அது இறுதிச் சடங்குப் பூ. நெற்றியில் குங்குமம் வைப்பதானால், தட்டைக் காட்டிச் சம்மதம் தெரிந்த பிறகு.

வரவேற்புரையில் அதிகம் தப்பு நடப்பது நீளத்தால். ஒவ்வொரு வாக்கியமும் மறுமுறை ஜப்பானியத்தில் ஒலிப்பதால் பத்து நிமிடப் பேச்சு இருபது நிமிடமாகும். எழுதிய உரையை முந்தின நாளே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, பேசும்போது ஓரிரு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். சிலேடை, பழமொழி இரண்டும் மொழிபெயர்ப்பில் தாங்காது.

இவ்வளவு செய்தும் பெயர் பிசகலாம். விருந்தினர் திருத்தமாட்டார், புன்னகையோடு தலைகுனிவார். பிசகியதை வேறு விதத்தில் கண்டுபிடிக்க வேண்டும்: பதில் பேசத் தொடங்கும்போது அவர் தன் பெயரைச் சற்று அழுத்திச் சொல்வார், அல்லது மொழிபெயர்ப்பாளர் பெயரை வேறு விதமாகத் திருப்பிச் சொல்வார். அதைக் கேட்டு, அடுத்த முறை சரியாகச் சொல்லிவிட்டால் போதும். நீண்ட மன்னிப்பு எல்லோரையும் சங்கடத்தில் மாட்டிவிடும்.

வழியனுப்பும்போது கார் ஒரு சிறு தடுமாற்றத்தைத் தரும். இரு நாட்டிலும் ஓட்டுநர் வலப்பக்கம்தான். ஆனால் ஜப்பானில் மூத்தவரின் இடம் ஓட்டுநருக்கு நேர் பின்னால், நம் ஊரில் பெரியவர்கள் பெரும்பாலும் இடது பின்பக்கம் உட்காருவார்கள். நடைபாதைப் பக்கத்திலிருந்து ஏறினால் வயதானவர் உள்ளே நகர்ந்து போகவேண்டியிருக்கும், எனவே எந்தப் பக்கம் வசதி என்று கேட்டு அந்தக் கதவைத் திறப்பதே முறை. கார் கிளம்பியதும் உள்ளே திரும்பிவிடக் கூடாது. ஜப்பானிய வழக்கில் வழியனுப்புபவர்கள் வண்டி கண்ணுக்கு மறையும்வரை அதே இடத்தில் நிற்பார்கள். வண்டிக்குள் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.